மறுப்பின் எல்லை: வழக்குரை, எதிருரை, எழுவினா ஆகியவற்றின் தொடரமைப்பு

1. முன்னுரை

உரிமையியல் வழக்கு ஒன்று நீதிமன்றத்தில் தொடங்கும்போது மூன்று வகைத் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. வாதி ஒரு செய்தி நிகழ்ந்தது என்கிறார். பிரதிவாதி அது நிகழவில்லை என்கிறார். நீதிமன்றம் அது நிகழ்ந்ததா என்று வினவுகிறது. வாதியின் கூற்று அமைந்த ஆவணம் வழக்குரை. பிரதிவாதியின் கூற்று அமைந்த ஆவணம் எதிருரை. நீதிமன்றம் எழுப்பும் வினா எழுவினா. இலக்கண நோக்கில் இவை முறையே உடன்பாட்டுத் தொடர், எதிர்மறைத் தொடர், வினாத்தொடர் ஆகும். சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு ஆகிய பின்னைய நிலைகள் அனைத்தும் இம்மூன்று தொடர்களின் மேல் எழுப்பப்படுகின்றன.

இம்மூன்றனுள் நடுவில் நிற்கும் எதிர்மறைத் தொடரே மொழியாய்வாளரின் கவனத்திற்கு மிகவும் உரியது. வாதி கூறியவற்றுள் எவை மறுக்கப்பட்டன, எவை மறுக்கப்படாமல் நின்றன என்பதைக் கொண்டே எழுவினா பிறக்கிறது. மறுக்கப்படாமல் நின்றது ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும். ஆகவே 'இல்லை' என்னும் சொல் தன் தொடரில் எதுவரை சென்று பற்றுகிறது என்பது இங்கு வெறும் இலக்கண வினா அன்று. ஒருவர் பணம் கொடுக்க வேண்டுமா வேண்டாவா என்பதையும் அது முடிவுசெய்யக்கூடும். தமிழில் வினையெச்சங்கள் அடுக்கி வந்து ஈற்றில் ஒரே முற்றுவினை கொண்டு முடியும் தொடர்களில் இவ்வெல்லை எவ்வாறு ஐயத்திற்கு இடமாகிறது என்பதையும், வழக்காவணங்களை மொழிபெயர்ப்போர் அவ்விடத்தில் என்ன செய்யவேண்டும் என்பதையும் ஒரு கற்பனை வழக்கின் துணைகொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலைச்சொற்கள்

வழக்குரையைப் பழைய ஆவணங்கள் 'பிராது' என்று குறிக்கின்றன. அச்சொல் குற்றவியல் முறையீட்டிற்கும் பொதுப் புகாருக்கும் வழங்குவதால் இங்கு வழக்குரை என்பதே கொள்ளப்படுகிறது. எதிருரையை எதிர்வழக்குரை, பதிலுரை எனவும் எழுதுவர். எழுவினாவை 'இசு' என்று வழங்கிய காலமும் உண்டு. இன்றைய தீர்ப்புகளில் எழுவினா, வழக்கெழுவினா என்னும் இரண்டும் பயில்கின்றன. வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பிறப்பிக்கும் நிகழ்ச்சிகளின் தொகுதி வழக்குமூலம் எனப்படும்.

இந்நடைமுறை முழுவதும் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தால் ஆளப்படுகிறது. அச்சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள விதிகள் 'கட்டளை' என்னும் தலைப்புகளின்கீழ் அமைந்துள்ளன. வழக்குரை, எதிருரை இரண்டிற்கும் பொதுவான விதிகள் கட்டளை 6-இலும், வழக்குரைக்கு உரியவை கட்டளை 7-இலும், எதிருரைக்கு உரியவை கட்டளை 8-இலும், எழுவினாவுக்கு உரியவை கட்டளை 14-இலும் உள்ளன.

கீழமை நீதிமன்றத்தின் மொழி எது என்பதை முடிவுசெய்யும் அதிகாரத்தை இச்சட்டத்தின் 137-ஆம் பிரிவு மாநில அரசுக்கு வழங்குகிறது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் இவ்வாவணங்கள் தமிழிலும் எழுதப்படுகின்றன. வழக்கு மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்திற்குச் செல்லும்போது ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் இவ்வாவணங்களைப் பெரும்பாலும் அந்நிலையில்தான் சந்திக்கிறார். அதாவது, தொடர் எழுதப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்து, அதன் பொருள் பற்றிய பூசல் முற்றிய பிறகே அது அவர் கைக்கு வருகிறது.

3. வழக்குரை

வழக்குரை கூறவேண்டியவற்றைக் கட்டளை 7-இன் முதல் விதி வரிசைப்படுத்துகிறது. நீதிமன்றத்தின் பெயர், வாதி பிரதிவாதியரின் பெயரும் முகவரியும், வழக்குமூலமான நிகழ்ச்சிகளும் அவை எழுந்த காலமும், அந்நீதிமன்றத்திற்கு விசாரணை வரம்பு உண்டு என்பதைக் காட்டும் செய்திகள், வேண்டும் பரிகாரம், வழக்கின் மதிப்பு ஆகியன அவற்றுள் இன்றியமையாதவை. வழக்குரை வழக்குமூலத்தையே காட்டாவிட்டால், விசாரணைக்குள் புகாமலேயே விதி 11-இன்படி அது நிராகரிக்கப்படலாம்.

கட்டளை 6-இன் இரண்டாம் விதி நடையைப் பற்றியது. வழக்குக்கு அடிப்படையான நிகழ்ச்சிகளை மட்டும் சுருக்கமாகக் கூறவேண்டும். அவற்றை மெய்ப்பிக்கும் சான்றுகளைக் கூறுதல் கூடாது. உரை எண்ணிட்ட பத்திகளாகப் பிரிக்கப்பட வேண்டும். இயன்றவரை ஒவ்வொரு கூற்றும் தனித்தனிப் பத்தியில் அமையவேண்டும். பணம் கொடுத்தது அடிப்படை நிகழ்ச்சி; கொடுத்ததை அண்டைவீட்டார் கண்டது சான்று. முன்னது வழக்குரைக்கு உரியது. பின்னது சாட்சிக்கூண்டிற்கு உரியது.

இனி நம் கற்பனை வழக்கிற்கு வருவோம். ஒருவர் மற்றொருவருக்குக் கடன் கொடுத்ததாகவும், அதற்குக் கடனுறுதிச் சீட்டு, அதாவது மக்கள் வழக்கில் புரோநோட்டு, பெற்றதாகவும் கூறி 6-1-2020 அன்று வழக்குத் தொடுக்கிறார். அவருடைய வழக்குரையின் முதன்மையான பத்திகள் பின்வருமாறு அமைகின்றன.

பத்தி 3: "பிரதிவாதி 12-3-2014 அன்று வாதியின் வீட்டில் வாதியிடமிருந்து 2,00,000 ரூபாயை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, அத்தொகையை ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியுடன் கேட்கும்போது திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு, கடனுறுதிச் சீட்டு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்."

பத்தி 4: "பிரதிவாதி 10-1-2017 அன்று 5,000 ரூபாய் செலுத்தி, சீட்டின் பின்புறத்தில் தம் கைப்பட வரவு எழுதிக் கையொப்பமிட்டார்."

பத்தி 5: "வாதி பலமுறை கேட்டும் பிரதிவாதி மீதித் தொகையைச் செலுத்தாததால் வழக்கறிஞர் வாயிலாக அறிவிப்பு அனுப்பப்பட்டது. அதனைப் பெற்றுக்கொண்ட பிரதிவாதி பதில் அளிக்கவில்லை."

நான்காம் பத்தி தற்செயலாக இடம்பெறவில்லை. கேட்கும்போது கொடுக்கவேண்டிய கடனுறுதிச் சீட்டின்மேல் வழக்குத் தொடுப்பதற்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சீட்டின் தேதியிலிருந்து 3 ஆண்டுகளே தருகிறது. அக்கணக்குப்படி உரிமை 2017 மார்ச்சு மாதத்திலேயே முடிந்திருக்கும். அதற்குள் கடனாளி ஒரு தொகையைச் செலுத்தி, அதனைத் தம் கைப்பட எழுதியோ கையொப்பமிட்டோ ஏற்றிருந்தால், செலுத்திய நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கணக்கிடப்படும். 6-1-2020 அன்று தொடுத்த இவ்வழக்கு 5,000 ரூபாய் வரவின் பலத்தில் நான்கு நாள் இடைவெளியில்தான் உயிர்பிழைத்து நிற்கிறது.

மூன்றாம் பத்தியின் இலக்கணத்தை இப்போது நோக்கலாம். அதில் 'கொடுத்தார்' என்னும் ஒரு முற்றுவினையே உண்டு. பெற்றுக்கொண்டு, ஒப்புக்கொண்டு, எழுதி, கையொப்பமிட்டு என்பன வினையெச்சங்கள். நாள், இடம், தொகை, ரொக்கம் ஆகிய அடைகள் முதல் எச்சத்தைச் சார்ந்து நிற்கின்றன. பணம் கைமாறியது, வட்டிக்கு உடன்பட்டது, சீட்டு எழுதியது, கையொப்பமிட்டது எனக் குறைந்தது நான்கு செய்திகள் ஒரு தொடருக்குள் அடங்கியுள்ளன. இது தமிழுக்கு இயல்பான நடை. உடன்பாட்டில் இந்நடை எவ்வகை ஐயமும் தருவதில்லை. எச்சங்கள் அனைத்தும் முற்றுவினையின் காலத்தையும் உடன்பாட்டையும் பெற்றுவிடுகின்றன. தொல்லை இத்தொடர் எதிர்மறையாகும்போதே தோன்றுகிறது.

4. எதிருரை

அழைப்பாணை சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்யவேண்டும். காரணம் பதிவுசெய்து நீதிமன்றம் 90 நாள்கள்வரை காலம் நீட்டலாம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த இவ்வரம்பு பொதுவான உரிமையியல் வழக்குகளில் நெகிழ்வற்றதன்று என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் விளக்கியது. வணிக நீதிமன்றங்களுக்கான 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில் மட்டும் 120 நாள்களுக்குப் பின் எதிருரை தரும் உரிமை அறவே அற்றுப்போகிறது.

எதிருரையின் மொழியைக் கட்டளை 8-இன் மூன்று விதிகள் ஆள்கின்றன. விதி 3-இன்படி, வாதியின் கூற்றுகளைப் பொதுவாக மறுத்தல் போதாது. ஏற்காத ஒவ்வொரு கூற்றையும் குறிப்பிட்டு எதிர்கொள்ள வேண்டும். விதி 4 நழுவலான மறுப்பைத் தடுக்கிறது. ஒரு குறிப்பிட்ட தொகையைப் பெற்றதாக வாதி கூறினால், 'அத்தொகையைப் பெறவில்லை' என்று மட்டும் கூறுதல் போதாது. அத்தொகையையோ அதன் எப்பகுதியையுமோ பெறவில்லை என்று கூறவேண்டும், அல்லது பெற்றது எவ்வளவு என்று கூறவேண்டும். ஒரு கூற்று பல சூழ்நிலைகளோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தால், அச்சூழ்நிலைகளோடு சேர்த்தே அதனை மறுத்தலும் போதாது. விதி 5-இன்படி, குறிப்பாகவோ இன்றியமையாப் பொருள்கோளாலோ மறுக்கப்படாததும், ஒப்புக்கொள்ளவில்லை என்று கூறப்படாததும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படும். இம்மூன்று விதிகளும் தனித்தனியே நில்லாமல் ஒரே தொகுப்பாகச் சேர்த்துப் பொருள்கொள்ளத்தக்கவை என்பதை உச்ச நீதிமன்றம் பாதத் கம்பெனி எதிர் ஈஸ்ட் இந்தியா டிரேடிங் கம்பெனி என்னும் வழக்கில் 1963-இல் விளக்கியுள்ளது.

நான்காம் விதி உண்மையில் எதிர்மறையின் எல்லை பற்றிய ஓர் இலக்கண விதியே ஆகும். 'இரண்டு இலட்சம் ரூபாய் பெறவில்லை' என்பவர் ஒன்றரை இலட்சம் பெற்றிருக்கலாம். 'அன்று வாதியின் வீட்டில் பெறவில்லை' என்பவர் மறுநாள் கடைத்தெருவில் பெற்றிருக்கலாம். இவ்விரு மறுப்புகளும் பொய்யல்ல. ஆயினும் மறுக்கவேண்டியதை மறுக்கவில்லை. எதிர்மறை அடையைப் பற்றிக்கொண்டு வினையைத் தப்பவிட்டுவிடுகிறது. தமிழில் முற்றுவினைக்கு அண்மையில் முன்னிற்கும் சொல்லின்மேல் அழுத்தம் எளிதில் விழுவதால் இப்பொருள் மேலும் இயல்பாகிவிடுகிறது.

நம் வழக்கில் பிரதிவாதியின் எதிருரை மூன்றாம் பத்திக்கு இவ்வாறு விடையளிக்கிறது எனக் கொள்வோம்:

"பிரதிவாதி 12-3-2014 அன்று வாதியின் வீட்டில் 2,00,000 ரூபாயை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு கடனுறுதிச் சீட்டு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவில்லை. வழக்குரையின் ஏனைய கூற்றுகள் அனைத்தும் மறுக்கப்படுகின்றன."

வாதியின் தொடரைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து, ஈற்றிலுள்ள 'கொடுத்தார்' என்பதைக் 'கொடுக்கவில்லை' என்று மாற்றியதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு முழு மறுப்பாகவே தோன்றும். ஆனால் இது ஒரு பொருள் தரும் தொடரன்று.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று இதனைத் தெளிவாக்கும். 'அவர் பேருந்தில் ஏறி ஊருக்குப் போகவில்லை' என்னும் தொடருக்கு, அவர் பேருந்தில் ஏறவும் இல்லை, ஊருக்குப் போகவும் இல்லை என்று பொருள் கொள்ளலாம். அவர் ஊருக்குப் போனார், ஆனால் பேருந்தில் ஏறிப் போகவில்லை, நடந்தோ தொடர்வண்டியிலோ போனார் என்றும் பொருள் கொள்ளலாம். பேச்சில் இவற்றைக் குரலழுத்தம் பிரித்துக்காட்டுகிறது. எழுத்தில் அவ்வுதவி இல்லை.

அதுபோலவே 'பணம் பெற்றுக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை' என்பதும் இருவகையில் விரியும். பணமும் பெறவில்லை, சீட்டும் எழுதவில்லை என்பது முதற்பொருள். சீட்டு எழுதிக் கொடுத்தது உண்மை, ஆனால் பணம் பெற்றுக்கொண்டு கொடுக்கவில்லை, வேறு காரணத்திற்காகக் கொடுத்தேன் என்பது இரண்டாம் பொருள். முதற்பொருளில் கையொப்பமே மறுக்கப்படுகிறது. இரண்டாம் பொருளில் கையொப்பம் ஒப்புக்கொள்ளப்பட்டு, பணம் கைமாறியது மட்டும் மறுக்கப்படுகிறது.

இவ்வேறுபாட்டின் பயன் பெரிது. கையொப்பம் மறுக்கப்பட்டால் அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு வாதிக்கு உரியது. சீட்டை எழுதியவரையும் சாட்சிக் கையொப்பமிட்டவரையும் அவர் அழைக்கவேண்டும். கையெழுத்து ஒப்பீட்டையும் நாடநேரலாம். சீட்டு எழுதிக் கொடுத்தது ஒப்புக்கொள்ளப்பட்டாலோ, 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு குறுக்கிடுகிறது. அத்தகைய ஆவணம் மறுபயனுக்காகவே எழுதப்பட்டது என்று, மாறானது மெய்ப்பிக்கப்படும்வரை, நீதிமன்றம் அனுமானிக்கவேண்டும். பணம் வாங்கவில்லை என்று காட்டும் சுமை அப்போது பிரதிவாதியின் தோளுக்கு மாறுகிறது. ஒரே 'இல்லை' எதனைப் பற்றுகிறது என்பதைப் பொறுத்து, யார் முதலில் சான்று தேடவேண்டும் என்பது தலைகீழாகிறது.

'ஏனைய கூற்றுகள் அனைத்தும் மறுக்கப்படுகின்றன' என்னும் பின்தொடர் இக்குறையைப் போக்காது. விதி 3 போதாது என்று விலக்குவது இத்தகைய பொது மறுப்பையே. அன்றியும் 'மறுக்கப்படுகின்றன' என்னும் செயப்பாட்டுவினை மறுப்பவர் யார் என்பதை மறைக்கிறது. பிரதிவாதியர் இருவர் மூவர் சேர்ந்து ஓர் எதிருரை தரும்போது எவர் எதனை மறுத்தார் என்பது இதனால் மங்கிவிடும்.

5. அறியாமையும் மௌனமும்

நான்காம் பத்திக்குப் பிரதிவாதி தரும் விடை வேறு வகையானது: "10-1-2017 அன்று 5,000 ரூபாய் செலுத்தி வரவு எழுதியது பற்றிப் பிரதிவாதிக்கு எதுவும் தெரியாது." ஐந்தாம் பத்தியைப் பற்றி எதிருரை தனியே ஒன்றும் கூறவில்லை.

'மறுக்கிறேன்', 'ஒப்புக்கொள்ளவில்லை', 'தெரியாது' ஆகிய மூன்றும் பேச்சுத் தமிழில் ஏறத்தாழ ஒரே பணியைச் செய்யும். சட்டத்தில் அவை வேறானவை. விதி 5 மறுப்பையும் ஒப்புக்கொள்ளாமையையும் சேர்த்துக் கூறுகிறது. இரண்டுமே கூற்றைப் பூசலுக்கு உரியதாக்குகின்றன. அறியாமை அப்பட்டியலில் இல்லை. ஒரு செய்தி தமக்குத் தெரியாது என்று பிரதிவாதி கூறுவது அச்செய்தியை மறுப்பதாகாது, குறிப்பால் மறுப்பதாகவும் ஆகாது என்று ஜாகுரி சா எதிர் துவாரகா பிரசாத் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அத்தீர்ப்பு 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியாயிற்று.

மேலும், இங்கு தெரியாது எனப்பட்டது பிரதிவாதியின் சொந்தச் செயல். தாம் பணம் செலுத்தினாரா, தம் கைப்பட எழுதினாரா என்பது ஒருவருக்குத் தெரியாமலிருக்க இயலாது. எதிருரையின் இறுதியிலுள்ள உறுதிமொழியில், எந்தெந்தப் பத்திகள் தம் நேரறிவால் கூறப்பட்டவை, எவை பிறர்வழி அறிந்து உண்மையென நம்பப்பட்டவை என்று பத்தி எண்ணிட்டுப் பிரித்துக்காட்ட வேண்டும் எனக் கட்டளை 6-இன் பதினைந்தாம் விதி பணிக்கிறது. அறிவின் வாயிலை இவ்வளவு நுணுகிக் கேட்கும் ஓர் ஆவணத்தில் தன் செயலைத் தானறியேன் என்னும் விடை நிலைபெறாது.

இதன் விளைவு காலவரையறையில் தோன்றுகிறது. 5,000 ரூபாய் வரவு மறுக்கப்படாமல் நிற்பதால் வழக்கு காலத்திற்குள் வந்துவிடுகிறது. பிரதிவாதிக்கு இருந்த மிக வலிய எதிர்வாதம் ஒரு 'தெரியாது' என்னும் சொல்லோடு நழுவிப்போகிறது. ஐந்தாம் பத்தியிலுள்ள அறிவிப்பும் மௌனத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டதாகிறது.

எனினும் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. இவ்வாறு ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும் செய்தியையும் வேறுவகையில் மெய்ப்பிக்குமாறு கேட்கும் உரிமையை விதி 5 நீதிமன்றத்திற்கு அளித்துள்ளது. எதிருரை இல்லாத காரணம் ஒன்றையே கொண்டு கண்மூடித் தீர்ப்பளித்தல் கூடாது, வழக்குரையின் செய்திகளை நீதிமன்றம் ஆராயவேண்டும் என்று பல்ராஜ் தனேஜா எதிர் சுனில் மதன் என்னும் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மௌனம் ஒப்புதலாகலாம், ஒப்புதலாகியே தீரவேண்டும் என்பதில்லை.

6. திருத்தமான மறுப்பு

பிரதிவாதி உண்மையில் சொல்ல விரும்பியது இதுவெனக் கொள்வோம்: வாதியிடம் அவர் நூல் கடனாகக் கொள்முதல் செய்துவந்தார், அதற்கு ஈடாகச் சீட்டைக் கையொப்பமிட்டுக் கொடுத்தார், நூலுக்குரிய தொகையைப் பின்னர் முழுவதும் செலுத்திவிட்டார், சீட்டைத் திரும்பப் பெறவில்லை. இக்கருத்தைக் கொண்ட எதிருரை பின்வருமாறு அமையவேண்டும்.

"வழக்குச் சீட்டில் உள்ள கையொப்பம் பிரதிவாதியுடையது என்பதும் அவர் அதனை வாதியிடம் கொடுத்தார் என்பதும் ஒப்புக்கொள்ளப்படுகின்றன. 2,00,000 ரூபாயையோ அதன் எப்பகுதியையுமோ 12-3-2014 அன்றோ வேறு எந்நாளிலுமோ வாதியின் வீட்டிலோ வேறு எவ்விடத்திலுமோ பிரதிவாதி கடனாகப் பெறவில்லை. கடனாக வாங்கிய நூலின் விலைக்கு ஈடாகவே அச்சீட்டு கொடுக்கப்பட்டது. அவ்விலை முழுவதும் செலுத்தப்பட்டுவிட்டது. 10-1-2017 அன்று பிரதிவாதி எத்தொகையும் செலுத்தவில்லை. சீட்டின் பின்புறமுள்ள வரவுக்குறிப்பை அவர் எழுதவில்லை. அதில் கையொப்பமிடவும் இல்லை."

இங்கு எச்சத்தொடர் உடைக்கப்பட்டு ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முற்றுவினை தரப்பட்டுள்ளது. ஓகாரமும் முற்றும்மையும் அடைகளை எதிர்மறையின் எல்லைக்குள் கொண்டுவந்து, 'வேறு நாளில் பெற்றிருக்கலாம்' என்னும் எஞ்சுபொருளை அடைக்கின்றன. 'ஈடாகவே' என்னும் பிரிநிலை ஏகாரம் கடனை விலக்குகிறது. நூல் விற்பனை என்னும் புதிய செய்தியும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளது; எதிர்பாராத புதிய செய்திகளை எதிருரையிலேயே எழுப்பவேண்டும் எனக் கட்டளை 8-இன் இரண்டாம் விதி கூறுகிறது. நயமற்ற நடை என்று இதனைக் குறைகூறலாம். ஆனால் 'எப்பகுதியையுமோ', 'எந்நாளிலுமோ' என்னும் ஒவ்வொரு சொல்லும் ஒரு வாயிலை அடைக்கும் தாழ் ஆகும்.

7. எழுவினா

கட்டளை 14-இன் முதல் விதி எழுவினாவின் பிறப்பைத் தெளிவாகச் சொல்கிறது. நிகழ்ச்சி பற்றியோ சட்டம் பற்றியோ அடிப்படையான ஒரு கூற்றை ஒரு தரப்பு உண்டென்று கூறி மறுதரப்பு மறுக்கும்போது எழுவினா எழுகிறது. அவ்வாறு மறுக்கப்பட்ட ஒவ்வோர் அடிப்படைக் கூற்றும் தனித்தனி எழுவினாவாக வேண்டும். தரப்பினரிடையே பூசலே இல்லையெனில் எழுவினாவுக்கு இடமில்லை. கட்டளை 15-இன்படி உடனே தீர்ப்பளிக்கலாம்.

எழுவினா வனையும் முன் நீதிபதி செய்யத்தக்கது ஒன்று உண்டு. வழக்குரை எதிருரைகளில் கூறப்பட்டு, மறுதரப்பால் குறிப்பாக ஏற்கவோ மறுக்கவோ படாத செய்திகளை அத்தரப்பு ஏற்கிறதா மறுக்கிறதா என்று முதல் விசாரணையில் கேட்டுப் பதிவு செய்யுமாறு கட்டளை 10 கூறுகிறது. 'நீங்கள் சீட்டில் கையொப்பமிட்டீர்களா?' என்ற ஒரே கேள்வி மேற்கண்ட ஐயத்தொடரின் இரு பொருளுள் எது என்பதை அந்நாளிலேயே முடிவுசெய்துவிடும். அக்கேள்வி கேட்கப்படாமல் போனால் ஐயம் எழுவினாவுக்குள் புகுந்துவிடுகிறது.

திருத்தமான எதிருரையிலிருந்து பிறக்கும் எழுவினாக்கள் நான்கு. 'கடனுறுதிச் சீட்டு நூல் கொள்முதலுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதா?' என்பது முதலாவது. 'நூலின் விலை முழுவதும் செலுத்தப்பட்டதா?' என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு பிரதிவாதிக்கு உரியது. '10-1-2017 அன்று பிரதிவாதி 5,000 ரூபாய் செலுத்தி வரவுக்குறிப்பில் கையொப்பமிட்டாரா?' என்பது மூன்றாவது. அதன் பொறுப்பு வாதிக்கு உரியது. 'வாதிக்குக் கிடைக்கத்தக்க பரிகாரம் என்ன?' என்பது வழக்கமான இறுதி வினா. கையொப்பம் பற்றி வினா இல்லை. ஏனெனில் அது ஒப்புக்கொள்ளப்பட்டது. அறிவிப்புப் பற்றியும் இல்லை, அது மறுக்கப்படவில்லை.

வினாவின் வடிவத்தில் இரண்டு பிழைகள் நேர்வதுண்டு. முதலாவது கூட்டு வினா. 'வழக்குச் சீட்டு உண்மையானதும் செல்லத்தக்கதும் பிரதிவாதியைக் கட்டுப்படுத்துவதும் ஆகுமா?' என்னும் வாய்பாட்டில் மூன்று கூற்றுகளை ஒரே ஆகார வினா தாங்குகிறது. விடை 'ஆகாது' எனில் மூன்றனுள் எது வீழ்ந்தது என்பது தெரியாது. எழுவினா வனையப்பட்டால், கட்டளை 20-இன் ஐந்தாம் விதிப்படி, ஒவ்வொன்றின் மீதும் முடிவையும் காரணத்தையும் நீதிமன்றம் கூறவேண்டும். வினா பிரிந்திருந்தாலன்றி விடையும் பிரிந்திராது.

இரண்டாவது எதிர்மறை வினா. 'பிரதிவாதி பணம் பெறவில்லையா?' என்று எழுவினா அமைந்து, தீர்ப்பில் 'ஆம்' என்று விடை வருமாயின், தமிழில் அது 'ஆம், பெறவில்லை' என்று பொருள்படும். தமிழ் ஆமோதிப்பு வினாவின் எதிர்மறையோடு உடன்படுவது. ஆங்கிலத்தில் எதிர்மறை வினாவுக்கான உடன்பாட்டுச் சொல் வழக்கமாகச் செயல் நிகழ்ந்ததை உறுதிப்படுத்துவது. மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் வைத்தால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். எனவே எழுவினா உடன்பாட்டு வடிவில் அமைதலும், விடை 'பெறவில்லை என முடிவுசெய்யப்படுகிறது' என முழுத்தொடராக அமைதலும் நலம்.

எழுவினாவில் பிழை நேரின் அது மீட்கவியலாததன்று. தீர்ப்பாணைக்கு முன் எந்நேரத்திலும் எழுவினாவைத் திருத்தவும் சேர்க்கவும் நீக்கவும் கட்டளை 14-இன் ஐந்தாம் விதி இடந்தருகிறது. ஒரு வினா விடுபட்டிருந்தாலும், இரு தரப்பினரும் அப்பூசலை முழுதும் அறிந்து அதன்மேல் சான்றளித்திருப்பின் விசாரணை கெட்டுவிடாது என்று நெடுநூரி காமேசுவரம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எதிருரையிலுள்ள ஒப்புதல் அத்துணை எளிதில் திருத்தப்படுவதில்லை. வாதிக்குப் பயன்தந்த ஒப்புதலை அடியோடு அகற்றி முரணான புதிய வழக்கைப் புகுத்தும் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 1976-இல் மோடி நூற்பாலை வழக்கில் ஏற்க மறுத்தது. 2002-க்குப் பின், விசாரணை தொடங்கியபின் திருத்தம் கோருபவர், உரிய முயற்சி எடுத்தும் முன்னரே அதனை எழுப்ப இயலவில்லை என்று நீதிமன்றத்திற்குக் காட்டவும் வேண்டும்.

8. மொழிபெயர்ப்பாளர்க்கு

நான்காம் இயலில் கண்ட ஐயத்தொடர் அப்படியே விசாரணைக்குச் சென்று, மேல்முறையீட்டில் ஆங்கிலமாக்கப்பட வேண்டியதாயிற்று என வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் முன்னே இரண்டு எளிய வழிகள் தோன்றும். தொடரை உடைத்து, 'பணம் பெறவில்லை. சீட்டும் எழுதவில்லை' என இரு தனித்தொடர்களாக்குவது ஒன்று. எச்சத்தைக் காரணத் தொடராகக் கொண்டு, 'பணம் பெற்றதன் பேரில் சீட்டு எழுதவில்லை' என்ற கருத்துப்பட எழுதுவது மற்றொன்று. இரண்டும் நல்ல ஆங்கிலமாக அமையலாம். முன்னது பிரதிவாதி செய்யாத மறுப்பை அவருக்குச் செய்து தருகிறது. பின்னது அவர் செய்யாத ஒப்புதலை அவர்மேல் சுமத்துகிறது. இரண்டுமே தீர்ப்பளிப்பவரின் பணியை மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்வதாகும்.

இலக்கிய மொழிபெயர்ப்பில் தெளிவு ஒரு நற்பண்பு. வழக்காவண மொழிபெயர்ப்பில் மூலத்தில் இல்லாத தெளிவு ஒரு பிழை. ஆகவே எச்சங்கள் அனைத்தையும் ஒரே எதிர்மறையின்கீழ் வைக்கும் தொடரமைப்பை, நடை கரடுமுரடாயினும், இயன்றவரை காத்தல் வேண்டும். காக்க இயலாவிடத்தில், மூலம் இருபொருள் தருகிறது என்பதையும் அவ்விரு பொருள்களையும் குறிப்பாகச் சுட்டி, தேர்வை நீதிமன்றத்திற்கு விட்டுவிட வேண்டும். பத்தி எண்களை மாற்றலாகாது. எதிருரை வழக்குரையோடு பேசுவது அவ்வெண்களின் வழியாகவே. 'மறுக்கிறேன்', 'ஒப்புக்கொள்ளவில்லை', 'தெரியாது' ஆகிய மூன்றுக்கும் வேறுவேறு நிலையான நேர்ச்சொற்களைக் கொண்டு, நடைநயம் கருதி ஒன்றை மற்றொன்றாக மாற்றாமலிருக்க வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் மொழிபெயர்ப்பில் எதிர்த்திசையிலான இடர் உண்டு. தனித்தனி முற்றுவினைகளாக நின்ற மறுப்புகளைத் தமிழின் இயல்பான ஓட்டத்திற்காக எச்சங்களாக்கி இணைத்தால், மூலத்தில் இல்லாத ஐயம் புதிதாகப் பிறந்துவிடும். அவ்விடத்தில் 'பெறவில்லை, எழுதவில்லை, கையொப்பமிடவில்லை' என்று முற்றுவினைகளை அடுக்குவதே தக்கது.

வினையெச்சத் தொடரில் எதிர்மறையின் எல்லை எது என்பதைத் தமிழ்த் தொடரியலார் பேச்சுவழக்குச் சான்றுகளைக் கொண்டு ஆராய்கின்றனர். அச்சான்றுகளோடு எதிருரைகளும் சேர்த்து ஆராயத்தக்கவை. அங்குள்ள ஒவ்வொரு 'இல்லை'யின் எல்லையையும் இரு தரப்பு வழக்கறிஞரும் எதிரெதிராக இழுத்துப் பார்த்திருப்பர். எழுவினாவும் தீர்ப்பும் அத்தொடர் எப்பொருளில் கொள்ளப்பட்டது என்பதை எழுத்தில் பதிந்து வைத்திருக்கும். ஒரு தொடரையும், அதனைக் கேட்டவர் கொண்ட பொருளையும், அப்பொருளின் விளைவையும் ஒரே கட்டில் சேர்த்துத் தரும் தரவு மொழியாய்வில் எளிதில் கிடைப்பதன்று.